ரியாத்தா, துபாயா?

அன்புள்ள செந்தில்,

நீ அனுப்பிய இரண்டு ஆஃபர் லெட்டரையும் படித்தேன். இரண்டிலும் மாதம் 8,000. ரியாலும் திர்ஹாமும் கிட்டத்தட்ட ஒரே விலை, அதனால் இரண்டும் சமம் என்கிறாய். எனக்கு அப்படித் தெரியவில்லை.

துபாய்க்காரர்கள் பேசிக் 4,000 என்று மட்டும் போட்டு, மீதியை வாடகைப் படி, போக்குவரத்துப் படி என்று பிரித்திருக்கிறார்கள். அங்கே வேலையை விட்டு வரும்போது தரும் கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான். முதல் ஐந்து வருஷம் வரை, வருஷத்துக்கு 21 நாள் பேசிக். உனக்கு வருஷம் 2,800 வரும். நான்கு வருஷத்தில் 11,200. ஒரு வருஷம் முடித்துவிட்டால், நீயாக ராஜினாமா செய்தாலும் இது குறையாது.

சவுதியில் முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம். கேட்கக் குறைச்சலாக இருக்கும். ஆனால் அங்கே கடைசியாக வாங்கிய சம்பளத்தில் வாடகைப் படியும் சேர்ந்துதான் கணக்கு. வருஷம் 4,000, நான்கு வருஷத்தில் 16,000. இது ஒப்பந்தக் காலம் முடிந்து வந்தால் கிடைப்பது. இடையில் நீயே எழுதிக் கொடுத்தால், ஐந்து வருஷம் வரை மூன்றில் ஒரு பங்குதான், அதாவது சுமார் 5,333. இரண்டு வருஷம்கூட ஆகவில்லை என்றால் ஒன்றும் கிடையாது. மேனேஜரோடு முறைத்துக்கொள்ளும் உன் குணத்துக்கு இது ஆபத்தான விதி. அதனால் ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு, எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டு வாங்கு.

விசா கொடுத்த முதலாளியான கஃபீல் விஷயம் முன்னைப் போல இல்லை. 2021 மார்ச் முதல், சவுதியில் ஒரு வருஷம் முடித்தவர் முதலாளி சம்மதம் இல்லாமலே கீவா என்ற அரசு இணையதளம் வழியாக வேறு கம்பெனிக்கு மாறலாம். ஆனால் வீட்டு டிரைவர், வீட்டு வேலை விசாக்களுக்கு அது பொருந்தாது. ஏஜெண்ட் “வேலை அதேதான், விசா மட்டும் வேறு தொழிலில்” என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடு. துபாயில் ஒப்பந்தத்தில் உள்ளபடி 30 முதல் 90 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு மாறலாம்.

லீவு துபாயில் வருஷம் 30 நாள், சவுதியில் ஐந்து வருஷம் வரை 21 நாள். வருஷா வருஷம் ஊர் டிக்கெட் தருவதாக வாயால் சொன்னது போதாது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் புரட்டிப் போடுவது குடும்பம்தான். மருமகளையும் பேத்தியையும் ரியாத்துக்குக் கூட்டிப்போனால் தலைக்கு மாதம் 400 ரியால் அரசுக்குக் கட்டணம். இரண்டு பேருக்கு வருஷம் 9,600. நான்கு வருஷத்தில் 38,400, கிராஜுவிட்டியைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. கம்பெனி அதை ஏற்றுக்கொண்டால் சரி, இல்லையென்றால் துபாய்தான். அவர்கள் ஊரிலேயே இருக்கப் போகிறார்கள் என்றால், ஒப்பந்தம் முடியும்வரை பொறுமையாக இருப்பாய் என்றால், ரியாத்.

துபாய்க்காரர்களிடம் பேசிக்கை 5,000 ஆக்கச் சொல்லிக் கேட்டுப் பார். மொத்தம் 8,000 அப்படியே இருக்கட்டும், அவர்களுக்கு மாதச் செலவு கூடப்போவதில்லை. பதில் வந்ததும் போன் பண்ணு.

அப்பா