அம்மீட்டரை இடம் மாற்றியதை எழுது

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

பதவி உயர்வுக்கு நீ எழுதி அனுப்பிய இரண்டு பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரி இல்லை. சரி, பாடத்தைப் பற்றி எழுதியதில் அது எப்படி இருக்கும்.

"மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். எந்தப் பாடத்துக்கும் அதை எழுதலாம். பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறைந்துவிடும் என்று 34 பேரில் 23 பேர் பாடத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தார்களே, அதிலிருந்து ஆரம்பி.

அப்புறம், அம்மாவிடம் போனில் சொன்னாயே, அது எங்கே? பல்புக்கு முன்னால் வைத்த அம்மீட்டர் 0.30 ஆம்பியர் காட்டியது, பின்னால் வைத்தது 0.28. "பாத்தீங்களா டீச்சர், குறையுது" என்று வகுப்பே கத்தியிருக்கிறது. நீ பதறாமல் இரண்டையும் இடம் மாற்றி மாட்டச் சொன்னாய். இப்போது பின்னால் இருந்தது அதிகமாகக் காட்டியது. வித்தியாசம் கருவியில்தான், மின்னோட்டத்தில் இல்லை என்று பிள்ளைகளே சொன்னார்கள். அன்றைக்கு நடந்த பாடமே அதுதானம்மா. அம்மாவிடமிருந்து கேட்டபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிர்வீட்டு ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். திட்டம் பிசகிய இடத்தை நீயே அடித்துவிட்டாயே. ஏன்? எல்லாம் நன்றாக நடந்ததாகவே எழுத வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

பாடம் முடிந்ததும் தப்பாகச் சொன்னவர்கள் 4 பேர் என்று போட்டிருக்கிறாய். மூன்று வாரம் கழித்து இரண்டு பல்பு போட்டுக் கேட்டபோது 9 பேர். அந்த ஒன்பதையும் எழுது. "வெளிச்சம் வந்தா ஏதோ ஒண்ணு தீரத்தானே செய்யும்" என்று ஒரு பையன் சொன்னானாமே. அவன் சொன்னது பாதி சரி. பேட்டரியின் ஆற்றல் செலவாகிறது, மின்னோட்டம் செலவாவதில்லை. அடுத்த வருஷம் ஆற்றலைத் தனியாக முதலில் எடுப்பேன் என்று எழுதி முடி. ஒன்பதை எழுது, மறந்துவிடாதே.

இதே கேள்வியை என் வகுப்பில் ஒருவன் கேட்டான். அன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன். அம்மீட்டர் பீரோவுக்குள் இருந்தது, சாவி என் பையில் இருந்தது. "உட்காருலே" என்றேன். உட்கார்ந்துவிட்டான். பாடக்குறிப்பில் "மாணவர்கள் நன்கு புரிந்துகொண்டனர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் கல்யாணப் பேச்சிலும் அப்படித்தான் செய்தேன். நீ வாசல்படியில் நின்று "அப்பா, ஒரு விஷயம்" என்றாய். அப்புறம் பேசலாம் என்று பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

ஆனித் தேருக்கு நீ வராதது இது இரண்டாவது வருஷம். ஆச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள், நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன். போன் பண்ணு. அந்த விஷயத்தைச் சொல்.

அப்பா