செல்வாவுக்கு, இன்று ராத்திரியே படி

செல்வா,

மூன்று தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். காயத்ரி அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். அவளைத் திட்டாதே, நான்தான் வற்புறுத்திக் கேட்டேன்.

வியாழக்கிழமை, வலது பக்கம் தலை சீவினாலே எரிகிறது என்றாய். சனிக்கிழமை காலை நெற்றியில் கொப்புளம். நடு நெற்றிக் கோட்டைத் தாண்டாமல் ஒரே பக்கம். இது அக்கிதான். சின்ன வயதில் உனக்கு வந்த அம்மையின் கிருமி இத்தனை வருஷம் நரம்பின் வேரில் தூங்கி, இப்போது அந்த நரம்பு வழியே இறங்குகிறது. போட்டோவை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கு நுனியில் இரண்டு புள்ளி இருக்கிறது. முகப்பரு என்று நீ சொல்லலாம். மூக்கு நுனிக்கு வரும் அதே நரம்புக் கிளைதான் கண்ணுக்கு உள்ளேயும் போகிறது. அங்கே கொப்புளம் வந்தால் கண்ணும் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அது இல்லையென்றாலும் கண் தப்பிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

உன் மாமியார் அக்கி எழுதக் கூட்டிப் போனதை நான் குறை சொல்லவில்லை, உன் மேல் உள்ள அக்கறையில் செய்தார்கள். நம் ஊரிலும் குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதுவார்கள். ஆனால் ஒன்றை யோசி. தோலில் உள்ள கொப்புளம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஏழு முதல் பத்து நாளில் தானாகப் பொருக்குத் தட்டும். அதைப் பார்த்து, எழுதியதில் குணமானது என்று நம்புகிறார்கள். கண்ணுக்குள் நடப்பது யாருக்கும் தெரிவதில்லை. காவியைத் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவு, கண்ணில் இறங்க விடாதே.

அக்கிக்கான மாத்திரையை உடனே ஆரம்பிக்க ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் தெரியுமா? அந்த மருந்து கிருமி பெருகுவதைத்தான் நிறுத்தும். கெட்டுப்போன நரம்பை அதால் திருப்பித் தர முடியாது. கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும். உன் கணக்குக்குச் செவ்வாய் காலையோடு முடிகிறது. மருந்து எடுக்காவிட்டால் இந்த அக்கி வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கண்ணில் ஏதாவது வரும். கருவிழி புண்ணாகும், உள்ளே அழற்சி வரும், கண் அழுத்தம் ஏறும். கருவிழி உணர்ச்சி இழந்துவிட்டால் தூசி விழுந்தாலும் தெரியாது. 72 மணி தாண்டினாலும் கண் பாதித்திருந்தால் மருந்து கொடுப்பார்கள், அதனால் தாமதமாகிவிட்டது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதே.

பெரியவர்களுக்கு வழக்கமாக வாலசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் மூன்று வேளை, ஏழு நாள். இல்லையென்றால் ஏசைக்ளோவிர் 800, நாளுக்கு ஐந்து வேளை. சிறுநீரகம் சரியில்லாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும், அதனால் உன் கல் விஷயத்தை டாக்டரிடம் மறைக்காதே. தண்ணீர் நிறையக் குடி. தோலில் களிம்பு தடவுவது மாத்திரைக்கு ஈடாகாது. கண் சிவந்தால் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடாதே. கண் டாக்டர் ஸ்லிட் லேம்பில் சாயம் போட்டுப் பார்த்து, அழுத்தம் அளந்து சொன்ன பிறகுதான் சொட்டு. ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் காட்டு, கண்ணில் பிறகும் வரும்.

முப்பது வருஷம் வார்டில் நின்றவள் நான். அப்பாவுக்குக் காது வலித்தபோது வெறும் காதுக் கட்டி என்று சொட்டு மருந்து போட்டவளும் நான்தான். காது மடலுக்குள் கொப்புளம் இருந்தது, அதுவும் இதே அக்கிதான், நான் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. நாலாம் நாள் வாய் கோணியது. அப்போதும் வாத நீர் என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்டுக் கைவைத்தியம் பார்த்தேன். ஒன்பதாம் நாள்தான் மாத்திரையும் ஸ்டீராய்டும் ஆரம்பித்தார்கள். முகத்தை அசைக்கும் நரம்பும் கேட்கும் நரம்பும் ஒரே எலும்புக் குழாய்க்குள் ஒட்டிப் போகின்றன. அங்கே வீங்கினால் விரிய இடமே இல்லை, நரம்பு நெரிபடும். ஜப்பானில் 1997இல் வந்த ஆய்வில், மூன்று நாளுக்குள் மருந்து ஆரம்பித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முகம் முழுசாகத் திரும்பியது. ஏழு நாள் தாண்டியவர்களில் 30 சதவீதம் பேருக்குத்தான். அப்பா ராத்திரி இமையை ஒட்டிக்கொண்டு தூங்குவது வயதானதால் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது என் ஒன்பது நாள். இத்தனை நாள் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

உனக்கும் காது வலித்தாலோ, இரைச்சல் கேட்டாலோ, தலை சுற்றினாலோ, கண்ணை மூட முடியாமல் போனாலோ, அதையும் இந்த அக்கியோடு சேர்த்துச் சொல்.

பாப்பாவுக்கு இன்னும் சின்னம்மை ஊசி போடவில்லையே. கொப்புளம் எல்லாம் காயும் வரை அவளைத் தூக்காதே, உன் துண்டைத் தனியாக வை.

இப்போதே கிளம்பு. அவசரப் பிரிவில் போய், முகத்தில் அக்கி, மூக்கு நுனியிலும் இருக்கிறது என்று சொல். வரிசையில் நிற்க வைத்தால் இதையே திரும்பச் சொல். முதல் மாத்திரை போட்டதும் எத்தனை மணிக்குப் போட்டாய் என்று மட்டும் எழுது. விழித்திருப்பேன்.

அம்மா