கோத்திக் ராக்கை மெட்டல் பட்டியலில் வைப்பவர்களுக்கு

ராக் இசையைப் பற்றித் தமிழில் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் என்ற உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். கோத்திக் ராக்கைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் கறுப்பு உடை, வெள்ளை முகப்பூச்சு, கல்லறை என்று தொடங்கி, அதை ஹெவி மெட்டலின் ஒரு கிளையாகச் சொல்லி முடித்துவிடுகிறீர்கள். உடையை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். காதால் கேட்டால் அதன் பிறப்பிடம் பங்க் ராக்கை அடுத்து வந்த போஸ்ட்-பங்க் என்பது தெரிந்துவிடும்.

பௌஹவுஸ் குழுவின் 'பேலா லுகோசிஸ் டெட்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் நார்தாம்ப்டனைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், குழு தொடங்கிய சில வாரங்களிலேயே, 1979 ஜனவரியில் பதிவு செய்தது. ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு. முதலில் எக்கோவில் நனைந்த டிரம் மட்டும் வரும், தாளத்தில் போஸா நோவாவின் சாயலோடு. அப்புறம் டேவிட் ஜேயின் பேஸ் கிட்டார், மெதுவாகக் கீழே இறங்கும் சில சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். பாட்டை நடத்திச் செல்வது அதுதான். டேனியல் ஆஷின் கிட்டாரில் ரிஃப் என்று சொல்ல எதுவும் இல்லை. தந்திகளை உரசும், எக்கோவில் சிதறும், ஒதுங்கி நிற்கும். பாடகர் பீட்டர் மர்ஃபி வாய் திறப்பதற்குள் இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. பாட்டின் இருட்டில் பாதி அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. வரிகள் பேசுவதும் பேயைப் பற்றி அல்ல, 1931-ல் டிராகுலாவாக நடித்து, 1956-ல் இறந்தபோது டிராகுலா மேலங்கியோடே புதைக்கப்பட்ட பேலா லுகோசி என்ற நடிகரைப் பற்றி. வௌவால்களும் சவப்பெட்டியும் பழைய திரைப்படத்திலிருந்து வந்த காட்சிகள்.

பிளாக் சப்பாத் வழி வந்த மெட்டலில் ஒலியைக் கரகரப்பாக்கும் கனமான டிஸ்டார்ஷன் கிட்டார்தான் முன்னால் நிற்கும். பேஸ் அதைத் தாங்கிப் பிடிக்கும். இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது போஸ்ட்-பங்க். ஜாய் டிவிஷனின் பீட்டர் ஹுக், தன் மட்டமான ஆம்ப்ளிஃபயரில் தாழ்ந்த சுரங்கள் காதில் விழாததால் மேல் சுரங்களில் வாசிக்கத் தொடங்கினாராம். அப்படி மெட்டு பேஸின் கைக்குப் போனதும், கிட்டார் நிறம் பூசும் வேலைக்கு மாறியது. சூஸி அண்ட் தி பான்ஷீஸ் 1976-ல் பங்க் மேடையிலிருந்து வந்த குழு. 1978-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஜான் மக்கேயின் கிட்டார் ஃபிளாஞ்சர் எஃபெக்ட் பூசி, கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையாக ஒலிக்கிறது.

கோரஸ் என்ற எஃபெக்ட் பெடல் நுழைவது இந்த இடத்தில்தான். அந்தப் பெடல் கிட்டாரின் ஒலியை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று அப்படியே போகும். மற்றொன்று ஒரு நொடியில் நூறில் சில பங்கு அளவுக்குத் தாமதமாகும். அந்தத் தாமதம் நிலையாக இல்லாமல் மெல்லக் கூடிக் குறைவதால், சுருதியும் மயிரிழை ஏறி இறங்கும். இரண்டும் கலக்கும்போது, சுருதி முழுதும் ஒட்டாத இரண்டு கிட்டார்கள் சேர்ந்து வாசிப்பதுபோல் கேட்கும். ரோலண்ட் நிறுவனம் 1975-ல் ஜாஸ் கோரஸ் ஆம்ப்ளிஃபயரிலும், 1976-ல் பாஸ் பிராண்டின் சிஇ-1 பெடலிலும் இதைக் கொண்டுவந்தது. சுத்தமான ஒலிக்காகச் செய்த ஆம்ப்ளிஃபயர் அது. தி க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் அதைப் பல வருடம் பயன்படுத்தினார்.

இதற்கு டிஸ்டார்ஷன் ஏன் ஒத்துவராது என்பதையும் எழுதுங்கள். கோரஸுக்குப் பிறகு கனமான டிஸ்டார்ஷனை வைத்தால், அந்தச் சின்னச் சின்ன சுருதி வேறுபாடுகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். ஆறு தந்தியையும் சேர்த்து அடித்தாலும் அதே கதிதான். அதனால்தான் இந்தக் கிட்டாரிஸ்டுகள் கார்டைப் பிரித்து, மேல் தந்திகளில் ஒவ்வொரு சுரமாக மீட்டுகிறார்கள். பெடலின் ஆழத்தை அளவுக்கு மீறித் திருப்பினால் கிட்டார் சுருதி தவறியதுபோல் ஆகிவிடும், சோகம் காணாமல் போய்விடும்.

குரலும் இதே கணக்குதான். கிட்டார் மேலே மினுங்குவதால் நடுவிலும் கீழேயும் இடம் காலியாகிறது. லீட்ஸ் நகரத்தின் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சியில் ஆண்ட்ரூ எல்ட்ரிச்சின் கனத்த குரல் அங்கே உட்காருகிறது. டிரம் மெஷினின் மாறாத அடிக்கு மேல் அவர் கத்துவதே அபூர்வம். ஆனால் தாழ்ந்த குரல் கட்டாயம் என்று சொல்லிவிடாதீர்கள். ராபர்ட் ஸ்மித்தின் குரல் உயரமானது, விம்முவது. 'பேத்', 'பார்னோகிராஃபி' ஆல்பங்களின் இருட்டுக்கு அது ஒரு குறையும் வைக்கவில்லை.

அடுத்து இந்தக் குழுக்களைப் பற்றி எழுதும்போது, எந்தக் கருவி மெட்டைச் சுமக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பழைய கட்டுரைகளில் 'மெட்டல்' என்று இருப்பதையும் முடிந்தால் திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்