கூறைப்புடவையை மீட்டுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள சொந்தங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்,

எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இந்த ஆவணியோடு கல்யாணமாகி 25 வருஷம் நிறைந்தது. கும்பகோணத்து வீட்டு மாடியில் நடந்த விருந்துக்கு வந்த பாதிப் பேர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மாவின் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "இது அந்தப் புடவையா?" என்றுதான் கேட்டீர்கள். ஆமாம், 2000-ஆம் வருஷம் முகூர்த்தத்தில் கட்டிய அதே கூறைதான். அரக்கு உடல், பச்சைக் கரை, காஞ்சிபுரம் பட்டு. அது மறுபடி அம்மாவின் இடுப்பில் ஏறப் பலபேர் பாடுபட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

சித்திரையில் அம்மா ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்து பீரோவைத் திறந்தோம். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் புடவையை அம்மா இரண்டே முறை கட்டியிருக்கிறார். மற்றபடி கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவருக்குள், நான்கு அந்துருண்டைகளோடு, சாமி படம் மாதிரி பத்திரமாக இருந்தது. பிரித்தபோது மடிப்போரத்தில் 'சர்' என்று ஒரு சத்தம். பட்டு கிழிந்தது. முந்தானைச் சரிகை மடிப்புக்கு வெளிப்பக்கம் மட்டும் கறுத்துப் போயிருந்தது.

முதல் நன்றி பெரியம்மாவுக்கு. வெள்ளிப் பாத்திரம் தேய்ப்பது போலப் புளித்தண்ணீர் தொட்டுச் சரிகையைத் தேய்க்கலாமா என்று போனில் கேட்டோம். "கையை எடுங்கடா அதிலிருந்து!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் புடவை பிழைத்தது. நிஜச் சரிகையில் வெள்ளிக்கு மேலே தங்கம் மிக மெல்லிய பூச்சாகத்தான் இருக்கும். தேய்த்தால் கறுப்போடு தங்கமும் போய்விடும், புளித்தண்ணீர் பட்டையும் கெடுக்கும்.

அப்புறம் ஒரு சலவைக் கடையில் காட்டினோம். ரோலிங் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார்கள். சித்தப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. மடிப்பிலேயே கிழிகிற துணியை இழுத்து உருளையில் விட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டு, புடவையை ஒரு வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். லீவு போட்டுப் போன சித்தப்பாவுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

பிள்ளையார்பாளையத்தில் அவருக்குத் தெரிந்த நெசவாளர் ஐயா ஒருவர் புடவையைப் பாயில் விரித்து, முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தாராம். கரையும் உடலும் சேருமிடத்தில் நூல்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தன. "கோர்வைப் புடவை. மூன்று நாடா ஓடியிருக்கு, தறியில் எதிர்ப்பக்கம் இன்னொருத்தர் உட்கார்ந்து கூடவே போட்டிருக்காங்க" என்றார். கரை ஓரத்தில் பிசிறாக நின்ற ஒரு சரிகை இழையை எடுத்து நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரிந்தது. நல்ல சரிகை என்பதற்கு அதுதான் அடையாளமாம். தாத்தாவை நம்பி அம்மா 25 வருஷமாகச் சொல்லிவந்த "அசல் சரிகை" அன்றைக்கு ருசுவானது.

ஏன் இப்படி ஆனது என்பதையும் அவரே சொன்னார். பிளாஸ்டிக் கவருக்குள் ஈரம் வெளியேற வழியில்லை. சரிகையில் இருப்பது வெள்ளி, அடைபட்டுக் கிடந்தால் கறுக்கத்தான் செய்யும். அந்துருண்டை சரிகையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது வேறு. எல்லாவற்றையும் விட, இத்தனை வருஷம் ஒரே மடிப்பில் கிடந்ததால் அந்தக் கோட்டிலேயே இழைகள் நைந்துவிட்டன. கறுப்பு முழுக்கப் போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டு, உலர்ந்த மல் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்ததில் மேலே படிந்த அழுக்கு மட்டும் போனது. மிச்சக் கறுப்பு இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். அதற்கு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். ஐயா, உங்களுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

மொத்தம் ஏழு கிழிசல். பெரியது நான்கு விரல் அகலம். இவற்றைச் சரிசெய்தவர் எங்கள் தெருவிலேயே டார்னிங் போடும் அக்கா. புதுப் பட்டுநூல் வாங்கிவந்து நீட்டினோம். அதைப் புடவை மேல் வைத்து வெயிலில் காட்டினார். நிறம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. இடுப்பில் செருகும் உள்தலைப்பிலிருந்து ஒரு சாண் வெட்டி, அதிலிருந்தே இழை இழையாக உருவினார். அதுவும் இதே 25 வருஷம் பழசான நூல் என்பதால் நிறம் அப்படியே பொருந்தியது. நான்கு கிழிசலை அந்த இழையாலேயே பின்னி மூடினார். மிச்ச மூன்று இடத்தில் துணி ஊசி தாங்காது என்று, பின்னால் அதே நிற நெட் வைத்து மெல்லத் தைத்தார். ஜன்னல் வெளிச்சம் இருக்கும்போது மட்டும் உட்கார்ந்து பதினோரு நாள் வேலை. அக்கா, நீங்கள் தைத்த இடம் எது என்று பெரியம்மாவே கண்டுபிடிக்கவில்லை.

ரவிக்கை? கல்யாண ரவிக்கையின் உள்தையலில் அந்தக் காலத்துத் தையல்காரர் தாராளமாகத் துணி விட்டிருந்தார். இரண்டு தையலைப் பிரித்தும் போதவில்லை. எதிர்வீட்டு டெய்லர் அண்ணன் அக்குளுக்குக் கீழே பச்சைப் பட்டில் ஒரு பட்டை கொடுத்துச் சரிக்கட்டினார். அளவு எப்படிக் கிடைத்தது என்று அம்மா இன்னும் கேட்கிறார். அண்ணனைக் காட்டிக்கொடுக்க மாட்டோம்.

அப்பாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாத்திரக்கடையில் ஒரு செம்பின் அடக்கவிலையைக்கூட யாரிடமும் விட்டுக்கொடுக்காத மனிதர், வீட்டில் ஒரு ரகசியத்தை நான்கு மாதம் காப்பதற்குள் இளைத்துவிட்டார். ஆடிப்பெருக்கன்று அம்மா பீரோவைத் திறக்கப் போனதும், சாவி தொலைந்துவிட்டது என்றார். சாவி அவர் சட்டைப் பையில் கிணுகிணுத்தது. "சரி, தேடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்கே பாதி தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறோம்.

விருந்தன்று காலை புடவையை அம்மா கையில் கொடுத்தோம். பிரித்துப் பார்க்கவில்லை. முதலில் முகர்ந்து பார்த்தார். அந்துருண்டை வாசம் போய் வசம்பு வாசம் வந்திருந்தது. அப்புறம்தான் அழுதார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கட்டக் கூடாது, தரையில் சப்பணமிட்டு உட்காரவே கூடாது என்று டார்னிங் அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். அதனால்தான் பந்தியில் அம்மா உட்காரவில்லை, யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். "குனியாதே, நான் எடுக்கிறேன்" என்று அப்பா பின்னாலேயே சுற்றியதற்கும் அதுதான் காரணம். மாலை மாற்றும்போது பூ நாரின் ஈரம் பட்டில் படாமலிருக்க அம்மா தோளில் துண்டு விரித்த அத்தைக்கும், சமையல்காரர் ஐயாவுக்கும், நாற்காலி தந்த பக்கத்து வீட்டு மாமாவுக்கும் நன்றி.

இப்போது அந்தப் புடவை ஒரு மூங்கில் கழியில் மல் துணியோடு சேர்த்துச் சுருட்டி, மடிப்பே இல்லாமல் பீரோவின் மேல்தட்டில் படுத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைக்க வேண்டும். அந்தத் தேதிகளை அப்பா காலண்டரில் குறித்துவைத்திருக்கிறார். முதல் தேதி கார்த்திகையில் வருகிறது. பீரோ சாவி இப்போது அம்மாவிடம்.

அன்புடன்,
மகளும் மகனும்