பேச்சுப்போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

போன மாதம் ஒரு கல்லூரிப் பேச்சுப்போட்டியில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். "வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பம் தெருவுக்கு வரும். கடன் வாங்கும் அரசும் அப்படித்தான்" என்றார் ஒரு மாணவர். அரங்கம் கைதட்டியது, பரிசும் அவருக்கே. நன்றாகத்தான் பேசினார். என் மனக்குறை மதிப்பெண்ணைப் பற்றியது.

பவளவாய் என்றால் நிறம் ஒத்தால் போதும், வாய் கல்லாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அது உவமை. ஒப்புமையை வைத்து ஒன்றை நிறுவ வந்தால் அது போதாது. குடும்பத்துக்கும் அரசுக்கும் வரவு, செலவு, கடன், வட்டி எல்லாம் உண்டு. சரி, ஆனால் குடும்பம் தெருவுக்கு வருவது எதனால்? அந்தக் காரணம் அரசிடமும் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

குடும்பம் மளிகைச் செலவைக் குறைத்தால் அப்பாவின் சம்பளம் குறையாது, மிச்சம் கையில் நிற்கும். அரசு சாலை போடுவதை நிறுத்தினால் ஒப்பந்தக்காரருக்கும் கூலியாளுக்கும் வருமானம் போகிறது. அவர்கள் கடைக்குப் போவது குறைகிறது, அரசுக்கு வர வேண்டிய வரியும் குறைகிறது. சிக்கனம் வரவையே தின்னும் இந்தச் சங்கிலி குடும்பத்தில் இல்லை.

அடுத்தது, கடன் எந்த நாணயத்தில் என்பது. குடும்பம் தன்னால் அச்சடிக்க முடியாத பணத்தில் கடன்படுகிறது. ஒன்றிய அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில், அதை வெளியிடுவது நம் ரிசர்வ் வங்கி. அதற்காக இஷ்டத்துக்கு அச்சடித்தால் விலைவாசி ஏறும். ஆபத்து உண்டு, ஆனால் அது வேறு வகை ஆபத்து.

டாலர் கடனில் கதை மாறிவிடும். 1991-இல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலையில், இந்தியா ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தது. நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போன குடும்பமேதான்! 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியதும் டாலர் கையில் இல்லாததால்தான். அந்த மாணவர் இந்த இரண்டையும் சொல்லியிருந்தால் நானும் எழுந்து கைதட்டியிருப்பேன். மாநில அரசைச் சொல்லியிருந்தாலும் பாதி பொருந்தும். அதனாலும் ரூபாய் அச்சடிக்க முடியாது, ஆனால் வரி போட முடியும்.

எதிரணி மாணவி ஒருவர், "எங்க வீட்டு மளிகைக் கடைக்காரர் எங்கப்பாவுக்குச் சம்பளம் கொடுக்கிறதில்லையே?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது, மணி அடித்துவிட்டது. உங்கள் மதிப்பெண் தாளில் 'உவமை நயம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போட ஒரு கட்டம் இல்லை. அடுத்த ஆண்டுத் தாளில் அதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பின்வரிசைப் பார்வையாளன்