சீற்றை உடைத்துப் பாதைக்குப் போடச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் வீடு திருத்துவது பற்றிய பக்கத்தில், 'கழற்றிய பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றுகளை நொறுக்கி வளவுப் பாதைக்குப் பரப்பினால் சேறு வராது' என்று ஒரு வரி வந்திருந்தது. தாங்கள் அறியாததல்ல, எப்படி அச்சுக்குப் போனதென்றுதான் விளங்கவில்லை. அஸ்பெஸ்டஸ் நார் சீமெந்தோடு இறுகி, சீற்று முழுசாகக் கிடக்கும்வரை பெரிதாகக் கெடுதல் செய்யாது. நொறுக்கிப் பரப்பினாலோ சைக்கிளும் முச்சக்கரவண்டியும் ஏறி ஏறி அதை மாவாக்கும். கச்சான் காற்றில் அந்த மா வீட்டுக்குள்ளேயே வரும். கண்ணுக்குத் தெரியாத நார் நுரையீரலில் தங்கிவிட்டால் நோய் தலைகாட்ட 20, 30 வருடமாகும். அப்போது யாரும் அந்தப் பாதையை நினைக்கப் போவதில்லை.

கழற்றும்போதே பிழை தொடங்குகிறது. துருப்பிடித்த ஹூக் போல்ற்றின் நட்டு சுழலாது. உடனே கிரைண்டரை எடுக்கிறார்கள், அல்லது சுத்தியலால் அடிக்கிறார்கள், ஓட்டையைச் சுற்றி சீற்று பிளக்கிறது. இந்த மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில், பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போதே கிரைண்டர் ஓடியதைப் பார்த்து நின்றிருக்கிறேன். கீழிருந்து போல்ற் கட்டரால் கொக்கியை நறுக்கினால் சீற்றில் ஒரு கீறலும் விழாது. 12 சீற்றுள்ள குசினிக் கூரைக்கு இரண்டு பேரின் அரைநாள் போதும்.

அதற்கு முன் நனைக்க வேண்டும். வெறும் தண்ணீர் பாசி பிடித்த சீற்றில் வழிந்தோடிவிடும், ஊறாது. வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்து, பூந்தோட்டத் தெளிகருவியால் இரு பக்கமும் மெல்லத் தெளிக்க வேண்டும். வேகமாகப் பீச்சினால் தண்ணீரே நாரைக் கிளப்பும். நனைந்த சீற்றின் மேல் ஏறவே கூடாது, வழுக்கும், உடைந்து ஆளை உள்ளே விழுத்தும். சாரத்தில் நின்று இரண்டு பேராகக் கையால் இறக்க வேண்டும், எறியக் கூடாது. துணி மாஸ்க் பயனில்லை, பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகை மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. பீலிச் சேற்றையும் ஈரமாகவே அள்ள வேண்டும், நிலத்தைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு தோய்க்கக் கூடாது.

பிறகு தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி ரேப் ஒட்டி, உள்ளே என்னவென்று எழுதி வைக்கலாம். எங்கே கொண்டுபோவது? இங்குதான் ஒவ்வொரு வருடமும் முட்டுகிறோம். குப்பை உழவு இயந்திரம் ஏற்றாது. வளவில் புதைத்தால் எங்கள் கரையோர மணலில் அடுத்த மலகூடக் குழி வெட்டும்போது துண்டு துண்டாக மேலே வரும். 1978 சூறாவளிக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு போட்ட கூரைகள் எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அவற்றுக்கென்று ஒரு குழியைக் குறித்துத் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

தங்களிடம் கேட்பது சிறிய உதவி. அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்த வரி பிழை என்று போடுங்கள்.

கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.