பேனல் லேபிளைத் தமிழாக்குவது பற்றி

அன்புள்ள செல்வம்,

மின் பேனலின் எஸ்.எல்.டி. வரைபடமும் லேபிள் பட்டியலும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி.

மொழிபெயர்ப்பு பெரும்பாலும் சரிதான். Q1 டிரான்ஸ்ஃபார்மர் இன்கமர், Q2 ஜெனரேட்டர் இன்கமர், Q3 பஸ் கப்ளர் என்று எண்களை அப்படியே விட்டதும் நல்லது. வரைபடம், பேனல் கதவு, கேபிள் டேக் மூன்றிலும் ஒரே எண் இருந்தால்தான் ஆள் தேடாமல் போய் நிற்பான்.

ஆனால் குறியீட்டு விளக்கத்தில் 'குளோஸ்டு' என்பதற்கு 'மூடிய நிலை' என்றும், 'ஓப்பன்' என்பதற்குத் 'திறந்த நிலை' என்றும் போட்டிருக்கிறாய். அதை உடனே மாற்று. குழாயை மூடினால் தண்ணீர் நிற்கும். அந்தப் பழக்கத்தில் ஆபரேட்டர் 'மூடிய' என்றால் சப்ளை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். பிரேக்கரிலோ குளோஸ் என்றால் காண்டாக்ட் சேர்ந்துவிட்டது, லைன் உயிரோடு இருக்கிறது. 'இணைந்தது – ஆன்', 'பிரிந்தது – ஆஃப்' என்று எழுது. Q3-க்கு நேரே இருக்கும் என்.ஓ.வும் அப்படித்தான்: 'இயல்பில் பிரிந்தது'. அந்தக் கதவில் இன்னொரு வரியும் சேர்: 'Q1, Q2 இரண்டும் ஆனில் இருந்தால் இது ஆஃபில் இருக்க வேண்டும்'. இன்டர்லாக் தடுக்கும் என்றாலும், ஏன் ஏறவில்லை என்று தெரியாமல் அதோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு.

விளக்கையும் கவனி. நம் பேனல்களில் பெரும்பாலும் சிவப்பு விளக்கு ஆன், பச்சை ஆஃப். பட்டனிலோ பச்சை ஆன், சிவப்பு ஆஃப். நிறத்தை நம்பி எழுத்தை விட்டுவிடாதே, ஒவ்வொன்றின் கீழும் ஆன், ஆஃப் என்று வரட்டும்.

'ஸ்பேர்', 'ஸ்பேஸ்' இரண்டுக்கும் 'காலி' என்று போட்டிருக்கிறாய். ஸ்பேரில் பிரேக்கர் மாட்டியிருக்கும், கேபிள் மட்டும் இல்லை. ஸ்பேஸ் வெறும் அறை. பின்னால் ஒரு மோட்டார் சேர்க்க எஸ்டிமேட் போடுபவர் பிரேக்கர் இருக்கிறது என்று நினைத்து விலையை விட்டுவிடுவார். 'உபரி, பிரேக்கர் உள்ளது', 'வெற்றிடம், பிரேக்கர் இல்லை' என்று பிரித்துவிடு.

லேபிள் வெட்டுபவரிடம் வேர்ட் ஃபைலைக் கொடுக்காதே. அவருடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய்விடும். எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிய பி.டி.எஃப். கொடு. ஆட்டோகேடிலும் எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருவில் தமிழ் வராது, நிர்மலா யு.ஐ. போன்ற ட்ரூடைப் வேண்டும். ஆங்கிலத்துக்குப் போட்ட அதே உயரத்தில் தமிழை வெட்டினால் 'ணூ', 'றி' சுழிகள் அடைத்துக்கொள்ளும். தகட்டைக் கொஞ்சம் பெரிதாக்கு, அல்லது வார்த்தையைக் குறை.

முதலில் Q3 லேபிளை மட்டும் வெட்டி ஒட்டச் சொல். ராத்திரி ஷிப்ட் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, இப்போது இந்தப் பக்கம் சப்ளை இருக்கிறதா என்று கேட்டுப் பார். அவர் சொல்வதைப் பொறுத்து மீதியை வெட்டலாம்.

அன்புடன்,
ரவி